பிரியாவிடை வீடியோவுக்கு வசனம்: போட்டோ வரிசையா, மெசேஜ் வழியா?

கந்தோரில ஆராவது பென்சனில போகேக்க வீடியோவுக்கு வசனம் எழுத ரெண்டு வழி இருக்குது. ஒண்டு போட்டோக்கள வருச வரிசையில அடுக்கி ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி எழுதுறது, மற்றது கூட வேலை செய்த ஆக்களின்ர மெசேஜுகள முதுகெலும்பா வச்சு அதுக்கேத்த போட்டோவ தேடுறது. கவிதை நடையில எழுதுறதும் இருக்கு, ஆனா அத பேர மட்டும் மாத்தி ஆருக்கும் போடலாம், அதால நான் அத விட்டுட்டன்.

போட்டோ வரிசை சுகம், ஒரு படத்துக்கு 6 செக்கன், அதுக்குள்ள ஆறுதலா வாசிச்சா பத்துச் சொல் போகும், கணக்கு சரியா வரும். ஆனா வன்னியில இந்த வழி பாதியில நிண்டிடும். 60 வயசில போற ஒரு மிட்வைஃப் அக்காவ எடுங்கோ, 2009க்கு முந்தின அல்பங்கள் இடம்பெயர்வில போட்டுது, மிச்சம் இருக்கிறது மீள்குடியேறின பிறகு போன்ல எடுத்த படங்கள்தான், அதுவும் முக்கால்வாசி கூட்டமும் குத்துவிளக்கும். வரிசையில எழுதினா அவாவின்ர சேவையே 2010ல தொடங்கின மாதிரிக் கிடக்கும். அந்த இடைவெளிய நிரப்ப இணையத்தில யுத்தப் படம் எடுத்துப் போடாதேங்கோ, மண்டபத்தில இருக்கிற ஆரின்ர வீட்டில ஆர் இல்லாமப் போனதெண்டு எங்களுக்குத் தெரியாது.

அந்த இடத்தில மெசேஜ் வழிதான் கைகுடுக்கும். ஆனா சும்மா "அக்காவப் பற்றி எழுதுங்கோ" எண்டு கேட்டா பத்துப் பேரும் "நல்ல மனுசி, எப்பவும் சிரிச்ச முகம்" எண்டுதான் அனுப்புவினம். "அக்கா உங்களுக்காகச் செய்த ஒரு விசயம், எங்க, எப்ப?" எண்டு கேளுங்கோ. அப்ப "வட்டுவாகல் பாலத்துக்கு மேல வெள்ளம், ஸ்கூட்டிய இந்தப் பக்கம் விட்டுட்டு உழவு மெசினில ஏறி கிளினிக்குக்கு வந்தவா" மாதிரி ஒண்டு வரும். அத திருத்தாம, எழுதினவரையே வொய்ஸ் ரெக்கோர்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ, படத்துக்கு இப்பத்தைய பாலம் ஒண்டு போதும், 15 செக்கன் அசையாம நிக்கட்டும். "அப்ப பாலத்தில வெள்ளம்" எண்டு நீங்க திரும்பச் சொல்லத் தேவையில்ல, அதுக்குப் பிறகு "அண்டைக்கு கிளினிக் நடந்தது" எண்ட ஒரு வரி காணும். ஒரே மாதிரி வந்த "சிரிச்ச முகம்" எல்லாத்தையும் ஒரே வசனமாக்கிப் போட்டு அனுப்பின ஆக்களின்ர பேர திரையில காட்டுங்கோ.

இதில சிக்கல் நீளம்தான். நாலு நிமிச வீடியோவுக்கு 400 சொல் கொள்ளும் எண்டாலும் 300க்கு மேல எழுதினா மூச்சு விட இடமிருக்காது, போன்ல ரைமர் வச்சு சத்தமா வாசிச்சா உடன தெரியும். மூச்சு முட்டினா உங்கட வசனத்த வெட்டுங்கோ, ஆக்களின்ர மெசேஜில கை வைக்காதேங்கோ. போட்டோ வரிசைய கடைசி அரை நிமிசத்துக்கு மட்டும் வசனமில்லாம பாட்டோட ஓடவிடலாம், அதுக்கு அது நல்லாப் பொருந்தும். திரையில போற பேருகள் பதவி வரிசையில வேண்டாம், அகர வரிசையில போடுங்கோ, டொக்டரும் கிளினிக் கூட்டுற அம்மாவும் ஒரே எழுத்தளவில வரட்டும்.