ஸ்டெப்டில் பிளாக்கிங்கா, நேராக ஸ்ப்ளைனா? ஒரு நடிப்பு ஷாட்டை வைத்து ஓர் அலசல்

5 வினாடி ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 ஃப்ரேம் கணக்கில் 120 ஃப்ரேம். ஓர் அம்மா கவரைப் பிரித்துக் கடிதத்தைப் படிக்கிறாள், வேலை கிடைக்கவில்லை என்று தெரிகிறது, அதற்குள் மகன் வரும் சத்தம், கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட்டுச் சிரிக்கிறாள். இதை அனிமேட் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முக்கிய போஸ்களை மட்டும் ஸ்டெப்டு கீயில் வைத்து நடிப்புக்கு ஓகே வாங்கிவிட்டு, அப்புறம் ஸ்ப்ளைனுக்குப் போவது. இன்னொன்று, முதல் கீயிலிருந்தே ஸ்ப்ளைனில், இடுப்பு, முதுகு, தலை, கை என்று அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போவது.

ஸ்டெப்டில் ஒரு போஸ் அடுத்த கீ வரும்வரை அசையாமல் நிற்கும், அந்த ஃப்ரேமில் சட்டென்று மாறும். மாயாவில் இதற்கு Stepped என்று பெயர், பிளெண்டரில் Constant. ஸ்ப்ளைனிலோ இரண்டு கீக்கு நடுவே உள்ள அசைவை மென்பொருளே வழுவழுப்பாக நிரப்பிவிடும். நம் ஷாட்டில் 1-ல் ஆவலோடு கவரைப் பிரிப்பது, 30-ல் படிப்பது, 60-ல் தோள் தளர்வது, 84-ல் வாசல் பக்கம் திரும்புவது, 96-ல் மறைத்துச் சிரிப்பது. ஒவ்வொரு போஸிலும் எல்லா கன்ட்ரோலருக்கும் கீ போட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பின்னால் எந்தக் கை எங்கே போனது என்று தேட வேண்டிவரும்.

இப்போது சூப்பர்வைசர் பார்க்கிறார். "சீக்கிரம் புரிந்துகொள்கிறாள். கண் முதல் வரிக்குத் திரும்பிப் போகட்டும், நம்ப முடியாமல் இன்னொரு தடவை படிக்கட்டும்" என்கிறார். ஷாட் நீளம் எடிட்டில் முடிவாகிவிட்டது, 120-ஐத் தாண்ட முடியாது. ஸ்டெப்டு ஷாட்டில் 50-ல் ஒரு புது போஸ் சேர்த்து, 60-ஐ 72-க்கும், 84-ஐ 92-க்கும், 96-ஐ 102-க்கும் டோப் ஷீட்டில் தள்ளினால் போதும், வேலை முடிந்தது.

அதே கருத்து ஸ்ப்ளைனில் மெருகேறிய ஷாட்டுக்கு வந்தால் கதை வேறு. அங்கே தலை 58-ல் கிளம்பும், தோள் 60-ல், விரல் 64-ல் அடங்கும். மொத்தமாகத் தள்ளுவது சிரமமில்லை, நெருக்குவதுதான் சிக்கல். இடைவெளி சுருங்கியதும் கர்வின் சரிவு மாறுகிறது, கையின் வளைவுப் பாதை உடைகிறது, கடிதத்தைப் பிடித்த விரல் காகிதத்தை விட்டு நழுவுகிறது. நாள்கணக்கில் செய்த வேலையை மறுபடி தொட வேண்டும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வழுவழுப்பான அசைவு பலவீனமான போஸை மறைத்துவிடும். பார்க்கிறவரும் அசைவைப் பற்றிப் பேசுவாரே தவிர, நடிப்பைப் பற்றிப் பேச மாட்டார்.

ஸ்டெப்டுக்கும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஓகே வாங்கிய ஷாட்டை அப்படியே ஸ்ப்ளைனுக்கு மாற்றினால் உயிரே போய்விடும். காரணம் எளிது. ஸ்டெப்டில் 50-லிருந்து 71 வரை அம்மா அப்படியே நின்றாள், அந்த நிற்றலைத்தான் சூப்பர்வைசர் ரசித்தார். ஸ்ப்ளைனில் 50-லிருந்தே தோள் மெல்லத் தளரத் தொடங்கி 72 வரை வழிந்துகொண்டே போகும். தண்ணீருக்குள் நடிப்பது போல இருக்கும். சரிசெய்ய, 50-ன் போஸை 64-க்குக் காப்பி செய்ய வேண்டும், மாற்றம் 8 ஃப்ரேமுக்குள் நடக்கும். அந்தக் காப்பி அச்சு அசலாக இருந்தால் பொம்மை போல உறைந்துவிடுவாள், அதனால் தலையைத் துளி முன்னால் சாய்த்து வைக்க வேண்டும். 68-ல் ஒரு பிரேக்டவுன், அதாவது இரண்டு போஸுக்கும் நடுவில் ஒரு இடைநிலை போஸ்: கண் காகிதத்தை விட்டு விலகிவிட்டது, தோள் இன்னும் தளரவில்லை. இந்த பிரேக்டவுன்களை ஸ்டெப்டில் இருக்கும்போதே 4 ஃப்ரேமுக்கு ஒன்று என்கிற அளவுக்குச் சேர்த்துவிடுவது நல்லது. ஸ்டெப்டு பார்த்துப் பழகாத கிளையன்ட் "ஏன் துள்ளுகிறது?" என்று கேட்பதும் அதோடு குறைந்துவிடும்.

மாற்றியதும் மணிக்கட்டு திடீரென்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பயப்பட வேண்டாம். 170 டிகிரியில் ஒரு கீ, -170-ல் அடுத்த கீ என்று இருந்திருக்கும். ஸ்டெப்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலைகள்தான், ஸ்ப்ளைன் மட்டும் நடுவில் 340 டிகிரி சுற்றி வருகிறது. மாயாவின் கிராஃப் எடிட்டரில் Euler Filter போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லா ஷாட்டுக்கும் ஸ்டெப்டே சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டம், குதிரைப் பாய்ச்சல், வால், துள்ளும் பந்து இவற்றில் எடையும் வேகமும்தான் விஷயம், அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஸ்டெப்டில் அது கண்ணுக்கே தெரியாது. அங்கே இடுப்பிலிருந்து ஸ்ப்ளைனில் தொடங்குவதே வேகம். இந்த அம்மாவே மகனைப் பார்க்க மாடிப்படியில் ஓடி இறங்கிவிட்டு நின்று சிரிப்பதாக இருந்தால், படி இறங்குவதை ஸ்ப்ளைனிலும், நின்ற பிறகு வரும் நடிப்பை ஸ்டெப்டிலும் வைத்து ஒரே பிளேபிளாஸ்டாகக் காட்டுவேன். எந்தப் பகுதிக்கு ஓகே கேட்கிறோம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருத்தெல்லாம் காலடியைப் பற்றியே வரும்.