தனாதிபதி நீசம் என்று பயமுறுத்திப் பணம் கேட்டால் கவனம்

சிம்ம லக்னம், சுவாதி இரண்டாம் பாதம், 45 வயது. புதன் மீனத்தில், குரு ரிஷபத்தில். இந்த ஜாதகத்தைப் பார்த்த ஒருவர், "தனாதிபதி எட்டுல நீசம். அடுத்த மாசம் புதன் தசை ஆரம்பம். 17 வருஷத்துக்குக் கையில காசு தங்காது. உங்க வீட்டம்மா வாயாலதான் பணம் கரையுது" என்று சொல்லி, ஹோமத்துக்கும் மரகத மோதிரத்துக்குமாக 42,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ரசீது கிடையாது.

அவர் சொன்னதில் முதல் வரி மட்டும் உண்மை. பணத்தையும் பேச்சையும் காட்டும் இரண்டாமிடம் சிம்மத்துக்குக் கன்னி, அதன் அதிபதி புதன், அவர் எட்டாமிடமான மீனத்தில் நீசம், அதாவது பலமிழந்து நிற்கிறார். ஆனால் மீனத்தில் நிற்கும் புதன் ஏழாம் பார்வையாகத் தன் சொந்த வீடான கன்னியையே பார்க்கிறார். மீனத்துக்கு அதிபதியான குரு லக்னத்துக்குப் பத்தில், கேந்திரத்தில் இருக்கிறார்; இது நீசத்தின் கெடுதலைக் குறைக்கும் நீசபங்கம். அதே குரு ஐந்தாம் பார்வையாகவும் கன்னியைப் பார்க்கிறார். இத்தனையையும் விட்டுவிட்டு 'நீசம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் யாரையும் பயமுறுத்தலாம். நீசபங்கம் என்றதும் கோடி வரும் என்று ஆசை காட்டுவதும் இதே வியாபாரம்தான்.

வாக்கு விஷயம் இன்னும் மோசம். ஒருவர் ஜாதகத்தின் இரண்டாமிடம் அவருடைய பேச்சைக் காட்டும். மனைவியின் பேச்சைச் சொல்ல மனைவியின் ஜாதகம் வேண்டும். அதை அவர் கேட்கவே இல்லை. வீட்டில் சண்டை மூண்டதுதான் மிச்சம்.

'அடுத்த மாசம்' என்ற அவசரத்தையும் நம்ப வேண்டாம். சுவாதியில் பிறந்தவருக்கு முதலில் ராகு தசை, 18 வருடம். நட்சத்திரத்தின் நீளம் 13 பாகை 20 கலை. சந்திரன் அரை பாகை தள்ளினாலே, பிறக்கும்போது மீதமிருக்கும் தசை இருப்பு சுமார் எட்டு மாதம் மாறும், பின்வரும் எல்லா தசைகளும் அதே அளவு நகரும். கணித்தது வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று சொல்லாமல் மாதக் கணக்கில் கெடு வைப்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

மரகதத்துக்கு வருவோம். இரண்டாமிடம் மரணத்தைக் குறிக்கும் மாரக ஸ்தானமும்கூட. அதன் அதிபதிக்குக் கல் போட்டு வலுவூட்டலாமா என்பதிலேயே ஜோதிடர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. போதாததற்கு, மரகதத்தின் விரிசல்களை எண்ணெய் ஏற்றி மறைத்து விற்பது சகஜம். ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

இந்த ஜாதகத்தில் பணத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வரவு இருக்கும், பணம் எட்டாமிட விஷயங்களில், அதாவது கடன், காப்பீடு, பங்காளிச் சொத்து போன்றவற்றில் முடங்கி நிதானமாகத் திரும்பும். எவ்வளவு ரூபாய், எந்தச் சீட்டில் போடலாம் என்பதற்கு ஜோதிடத்தில் விதியே கிடையாது. தொகை சொல்கிறார் என்றால் அது அவருடைய சொந்தச் சரக்கு.