ரிட்டெய்னர் வெளுத்துப்போனால்: பேஸ்ட், சோப்பு, மாத்திரை, வினிகர்

பல் கிளிப் கழற்றிய அன்று, பல் மறுபடி நகராமல் இருக்க மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையான ரிட்டெய்னர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாவது மாதம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நிறத்துக்கு வந்திருந்தது. டப்பாவைத் திறந்தால் ஊசிப்போன சாம்பார் போல ஒரு வாடை வேறு. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதே பிரஷ், அதே பேஸ்டில் இதையும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஏன்?

காரணம் ஒன்றல்ல, மூன்று என்று பிறகுதான் புரிந்தது. ஒன்றுக்கு உதவும் பொருள் மற்றதற்கு உதவாது. எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சரியான பதில் வராததும் அதனால்தான்.

முதலில் வாடை. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும். சுரக்கிற கொஞ்சமும் ரிட்டெய்னருக்குள் புகுந்து அலசாது. பல்லில் ஒட்டும் அதே கிருமிப் படலம் பிளாஸ்டிக்கிலும் ஒட்டி, எச்சிலில் உள்ள புரதத்தைச் சிதைத்து, கந்தகம் கலந்த வாயுக்களை விடும். தடவினால் வழுவழுவென்று இருக்கும் அந்தப் படலம்தான் நாற்றத்தின் மூலம்.

வெண்மை வேறு கதை. அது கீறலாக இருக்கலாம், உப்பு படிந்து கெட்டியான காரையாக இருக்கலாம். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. ரிட்டெய்னரைத் துடைத்துக் காயவைத்து, வெளுத்த இடத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று, மணல் ஒட்டியது போல இருந்தால் காரை. வழவழப்பாகவே இருந்து, வெண்மை மட்டும் புகை மாதிரி எங்கும் பரவியிருந்து, தண்ணீரில் நனைத்ததும் பெருமளவு மறைந்தால் அது நுண்கீறல். நனைத்துப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய காரையும் ஈரத்தில் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். நகம்தான் சரியாகச் சொல்லும்.

என்னுடையதில் இரண்டுமே இருந்தன. மேல்தாடை ரிட்டெய்னர் முழுக்கப் புகைமூட்டம், நகத்தில் எதுவும் தட்டவில்லை. கீழ்த்தாடை ரிட்டெய்னரிலும் அதே புகைமூட்டம். ஆனால் முன்பற்களின் உட்பக்கத்தில் கூடுதலாக ஒரு வெள்ளைப் பட்டை, தொட்டால் சொரசொரப்பு. அந்த இடத்தில் மட்டும் வரக் காரணம் இருக்கிறது. நாக்குக்கு அடியில் உள்ள எச்சில் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. எச்சிலில் கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கேயே படிந்து கெட்டியாகின்றன. பல்லில் காரை அதிகம் பிடிப்பதும் அதே இடத்தில்தான்.

புகைமூட்டத்துக்குக் காரணம் நான் நம்பித் தேய்த்த பேஸ்ட். பல் எனாமல் கடினமானது, பேஸ்டில் இருக்கும் சிலிக்காவையும் சுண்ணாம்புத் துகளையும் தாங்கும். ரிட்டெய்னர் பிளாஸ்டிக் தாங்காது. ஒவ்வொரு காலையும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழுந்து, அந்தக் கோடுகளுக்குள் கிருமிகள் வசதியாகக் குடியேறும். சுத்தம் செய்யத்தான் தேய்க்கிறோம், அழுக்குக்கு இடம் தேடிக் கொடுத்துவிடுகிறோம். வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் பேஸ்ட் எல்லாம் இன்னும் மோசம். இந்தப் போட்டியில் பேஸ்ட் முதல் சுற்றிலேயே வெளியே. விழுந்த கீறலை எந்தத் திரவமும் திரும்ப எடுக்காது.

தினசரி வேலைக்கு என் ஓட்டு பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு. நிறமும் வாசனையும் குறைந்ததாகப் பார்த்து, ஒரே ஒரு சொட்டு. பல் தேய்க்கும் பிரஷ் வேண்டாம், இதற்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ். குளிர்ந்த தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான தண்ணீர். வெளிப்பக்கத்தைவிட உட்பக்கக் குழிகளில்தான் படலம் இருக்கும் என்பதால் அங்கே ஒவ்வொரு பல் குழியாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒரு நிமிடம் போதும். முக்கியமானது நேரம்: கழற்றிய உடனே கழுவ வேண்டும். டப்பாவில் போட்டுவிட்டு மதியம் கழுவினால், காலையில் தண்ணீரிலேயே போயிருக்கக்கூடிய படலம் காய்ந்து ஒட்டியிருக்கும். சோப்பின் குறை என்னவென்றால் காரையை அது அசைக்காது.

அடுத்து, மருந்துக் கடையில் பல்செட்டுக்காக விற்கும் மாத்திரை. சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து நுரைக்கும், கூடவே உள்ள ஆக்சிஜன் விடும் பொருள் கிருமியையும் கறையையும் தாக்கும். பிரஷ் எட்டாத மூலைக்கு இது நல்லது. வாடை ஏற்கெனவே ஏறிவிட்ட ரிட்டெய்னரில் சோப்பைவிட வேகமாக வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நுரையைப் பார்த்துவிட்டு எல்லாம் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. தேய்க்காமல் ஊறவைத்தால் மட்டும் படலம் முழுதாக வராது, கெட்டியான காரையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இன்னொன்று, பல மாத்திரைகளில் பெர்சல்பேட் என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது ஒவ்வாமை தரும். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அட்டையில் போட்ட நேரம் மட்டும் ஊறவைத்து, எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசியே வாயில் போட வேண்டும். ஈறு எரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

காரைக்கு வினிகர்தான். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். நான் ஒரு டம்ளரில் பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் ஊறவைத்தேன். சொரசொரப்பு இளகியிருந்தது, பிரஷ்ஷால் தேய்த்ததும் பாதி வந்தது. மூன்று நாள் கழித்து இன்னொரு முறை செய்ததும் மீதியும் போய்விட்டது. புகைமூட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது, அது பேஸ்டுக்கு நான் கட்டும் வட்டி. வீட்டில் போர் தண்ணீர் என்றால் அலசிக் காயவைக்கும்போதே உப்பு வெள்ளையாகப் படியும், அதற்கும் இதே வைத்தியம். இப்போது வாரம் ஒரு முறை செய்கிறேன். கம்பி வைத்த ரிட்டெய்னர் என்றால் இரவு முழுக்க அமிலத்தில் போட்டு மறந்துவிடக்கூடாது.

வினிகரோடு சோடா உப்பைக் கலக்கிப் பொங்கவைப்பவர்கள் நிறைய. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், மிஞ்சுவது உப்புத் தண்ணீர் போன்ற ஒன்று. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெந்நீரைச் சேர்க்கவே மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கிருமி சாகட்டும் என்று என் அண்ணன் தன் நைட் கார்டைக் கொதித்த தண்ணீரில் போட்டார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் அவர், அவருடையது ரப்பர் மாதிரி மெத்தென்ற வகை. எடுத்தபோது ஓரம் சுருண்டிருந்தது. பல்லில் ஏறவே இல்லை, புதிதாக அச்சு எடுக்க வேண்டியதாயிற்று. இந்த மெத்து வகை கெட்டிப் பிளாஸ்டிக்கைவிட வாடையைச் சீக்கிரம் பிடிக்கும். சோப்பும் மாத்திரையும் மாறிமாறிப் போட்டும் இரண்டு வாரத்தில் வாடை போகவில்லை, கடித்த இடத்தில் கிழிசலும் தெரிகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு வாடை முழுதாகப் போனது இது எதிலுமே அல்ல. ரிட்டெய்னரை அவ்வளவு தேய்த்துவிட்டு, ஐந்து மாதமாகக் கழுவாத டப்பாவில் ஈரத்தோடு மூடிவைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவின் மூலையில் விரலை விட்டால் அதே வழுவழுப்பு. இப்போது டப்பாவையும் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ரிட்டெய்னரை உதறி, மூடியைத் திறந்தபடி ஜன்னலோரம் வைக்கிறேன். காக்கை தூக்கிக்கொண்டு போகாத ஜன்னலாகப் பார்த்து.