ஒரே ட்ரோபோனின், வெவ்வேறு பெயர்கள்: வகை 1 மாரடைப்பு, வகை 2 மாரடைப்பு, இதயத்தசைக் காயம்

வீடு திரும்பும் நோயாளியின் டயக்னோசிஸ் கார்டில் "ட்ரோபோனின் பொசிட்டிவ்" என்று எழுதியிருந்தால், யாழ்ப்பாணத்தில் அநேகமான குடும்பங்கள் அதை "ஹார்ட் அட்டாக் வந்திட்டுது" என்றே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ட்ரோபோனின் என்பது இதயத்தசைக் கலங்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். அது குருதியில் கூடியிருந்தால் தசைக்குக் காயம் ஏற்பட்டிருக்கிறது என்று மட்டும் தெரியும், காயத்தை ஏற்படுத்தியது எது என்று தெரியாது. ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் சங்கங்களும் உலக இதயக் கூட்டமைப்பும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட நான்காவது உலகளாவிய வரையறை, இந்த இடத்திலிருந்துதான் பிரிக்கத் தொடங்குகிறது.

ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரிடம் காணப்படும் அளவின் மேல் எல்லையை ட்ரோபோனின் தாண்டியிருந்தால், அது இதயத்தசைக் காயம். சில மணி நேர இடைவெளியில் மீண்டும் அளக்கும்போது அளவு தெளிவாக ஏறினாலோ இறங்கினாலோ அது திடீர்க் காயம். அந்தத் திடீர்க் காயத்துடன் இதயத்தசைக்குக் குருதி போதவில்லை என்பதற்கான சான்றும் இருந்தால் மட்டுமே மாரடைப்பு என்ற பெயரை வைக்கலாம். நெஞ்சு இறுக்கம் போன்ற அறிகுறி, ஈசிஜியில் புதிய மாற்றம், எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பகுதி புதிதாக அசைவு குன்றியிருப்பது ஆகியவை அத்தகைய சான்றுகள். இத்தனைக்கும் பிறகே, குருதி ஏன் போதவில்லை என்று கேட்டு வகை எண் இடப்படுகிறது. வகைகள் ஐந்து உள்ளன. திடீர் மரணத்துக்கும் இதயச் சிகிச்சைகளின்போது நேர்பவற்றுக்கும் உரிய மற்ற மூன்றும் இந்த அலசலுக்குத் தேவையில்லை.

சாவகச்சேரிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 67. முழங்கால் நோவுக்காகப் பல வாரங்களாக டைக்ளோஃபெனாக் குளிசை எடுத்து வந்தவர். நான்கு நாட்களாக மலம் தார்போலக் கறுத்துப் போகிறது. ஐந்தாம் நாள் கிணற்றடிக்கு நடந்து போகும்போதே களைப்பும் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. வைத்தியசாலையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124, ஹீமோகுளோபின் 6.1. ஈசிஜியில் வி4 முதல் வி6 வரை எஸ்டி பகுதி தாழ்ந்திருக்கிறது. லீற்றருக்கு 14 நனோகிராம் என்ற மேல் எல்லை கொண்ட ட்ரோபோனின் டி பரிசோதனையில் முதல் அளவு 42. மூன்று மணி நேரம் கழித்து 88. முதலிலேயே எல்லைக்கு மேல் இருந்த ஒருவரில் 20 வீதத்துக்கு மேற்பட்ட மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டும் என்ற நிலையில், இங்கே அளவு இரு மடங்காகியிருக்கிறது. ஆகவே காயம் திடீர்க் காயம்; நெஞ்சு இறுக்கமும் ஈசிஜியும் சேர்ந்ததால் அது மாரடைப்பு. ஆனால் இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் அவருடைய முடியுரு நாடியில் புதிதாக எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை. டைக்ளோஃபெனாக்கால் வந்த இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி பெருகியதால் மலம் கறுத்து, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே நேரத்தில், வேகமாகத் துடிக்கும் இதயம் வழமையைவிட அதிக ஒட்சிசனைக் கேட்கிறது. வரவுக்கும் செலவுக்கும் இடையிலான இந்த இடைவெளியால் வருவதே வகை 2.

இனி அதே 42, 88 என்ற எண்களையும் அதே ஈசிஜியையும் வேறொருவரிடம் வைத்துப் பார்ப்போம். அவருக்குக் குருதிப் பெருக்கு இல்லை, ஹீமோகுளோபின் 13, நாடித்துடிப்பு 78. சாய்மனைக் கதிரையில் சும்மா இருந்தபோது நெஞ்சு இறுகி, இடது கைக்குப் பரவி, வியர்த்துக் கொட்டியது. ஒட்சிசன் தேவையைக் கூட்டவோ வரவைக் குறைக்கவோ வெளியே ஒரு காரணமும் இல்லை. நாடியின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புப் படிவு வெடித்தோ அரித்தோ அதன்மேல் குருதி உறைந்திருக்க வேண்டும் என்று கருதவேண்டிய நிலை இது. இது வகை 1. அஞ்சியோகிராம் அதைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தும்.

இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதில்தான் இந்தப் பிரிப்பின் நடைமுறைப் பயன் இருக்கிறது. இரண்டாமவருக்கு அஸ்பிரின், குளோபிடோக்ரெல், எனொக்ஸாபரின் ஊசி ஆகியவை குருதி மேலும் உறைவதைத் தடுத்து உயிரைக் காக்கும். முதலாமவருக்கு அவற்றைக் கொடுத்தால் இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி மேலும் பெருகி, ஹீமோகுளோபின் மேலும் இறங்கி, மாரடைப்பே மோசமாகும். அவருக்கு வேண்டியவை குருதி ஏற்றுதல், அமிலத்தைக் குறைக்கும் மருந்து, எண்டோஸ்கோப்பி ஆகியவை. டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்தவும் வேண்டும்.

இவ்வளவு தெளிவாக நோயாளிகள் வருவது அரிது. ட்ரோபோனின் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு வகையைச் சொல்ல முடியாது: வகை 1இல் பொதுவாக அதிகம் உயரும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு வகைகளின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. என் பார்வையில் மிகவும் பயன்படும் கேள்வி, எது முன்னால் வந்தது என்பதே. கறுத்த மலம் நான்கு நாட்களுக்கு முன்பே தொடங்கியதா? நெஞ்சு இறுக்கம் அதற்குப் பின் வந்ததா? குருதி ஏற்றியதும் நாடித்துடிப்புடன் சேர்ந்து எஸ்டி தாழ்வும் மீண்டதா? இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால் வகை 2 வலுப்படும். இதே தர்க்கம் தலைகீழாகவும் ஏமாற்றும். பெரிய வகை 1 மாரடைப்பே குருதி அழுத்தத்தை வீழ்த்தி, இதயத்தை ஓடவைத்து, நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். அழுத்தம் குறைந்ததால்தான் ட்ரோபோனின் ஏறியது என்று அப்போது எழுதிவிட்டால், விளைவைக் காரணமாக்கிவிட்டு அடைத்த நாடியைத் திறக்காமல் விட்டுவிடுவோம்.

மூன்றாவது பெயருக்கு வயலுக்குள் இறங்க வேண்டும். மாரிகாலத்தில் வயல் வேலை செய்த ஓர் இளைஞர் கடும் காய்ச்சல், தசைநோ, மஞ்சளித்த கண்கள் ஆகியவற்றுடன் வருகிறார், எலிக்காய்ச்சல் உறுதியாகிறது. அவருக்கும் 42, பிறகு 88. ஆனால் நெஞ்சு இறுக்கம் இல்லை, ஈசிஜியில் வேகமான துடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எலிக்காய்ச்சல் இதயத்தசையில் அழற்சியை ஏற்படுத்தக்கூடியது. இங்கே தசை காயப்பட்டது குருதி போதாமல் அல்ல. ஆகவே இது மாரடைப்பல்லாத திடீர் இதயத்தசைக் காயம். ஒழுங்காக டயலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரில் 42, பிறகு 44 என்று அளவு அசையாமல் நின்றால் அது நாட்பட்ட காயம். அன்றைக்கு நிகழ்ந்தது அல்ல.

வகை 2ஐயும் காயத்தையும் பிரிக்கும் கோடுதான் வரையறையின் பலவீனமான இடம் என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் எத்தனைக்குக் கீழே, துடிப்பு எத்தனைக்கு மேலே போனால் ஒட்சிசன் போதாமை என்று கொள்வது என்பதற்கு வரையறை எண் எதையும் விதிக்கவில்லை. நாடிகள் ஏற்கெனவே சுருங்கிய ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9 ஆனாலே நெஞ்சு இறுகலாம். நாடிகள் நன்றாக உள்ள இளம் பெண்ணுக்கு 6இலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். மயக்கத்தில் இருப்பவரும், நோ தெரியாத நீரிழிவு நோயாளியும் நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லமாட்டார்கள். அப்போது ஒரே நோயாளியை ஒரு வைத்தியர் வகை 2 என்பார், இன்னொருவர் காயம் என்பார். இருவரையும் குறை சொல்ல முடியாது. அதனால் பெயரோடு காரணத்தையும் சேர்த்து, "இரைப்பைக் குருதிப் பெருக்கால் வந்த கடும் குருதிச்சோகை, வகை 2" என்று கார்டில் எழுதுவது நல்லது. வெறும் "மாரடைப்பு" என்றிருந்தால், அடுத்த முறை அந்தக் கார்டைப் பார்ப்பவர் வகை 1 என்று எடுத்துக்கொண்டு அஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துத் தொடங்கிவிடக்கூடும்.

வகை 2 என்றதும் லேசானது என்று குடும்பத்தார் ஆறுதலடைவதும் சரியல்ல. இந்த நோயாளிகளிடையே இறப்பு வகை 1ஐவிடக் குறைவானதல்ல. பலருக்கு மரணம் இதயத்தால் அல்லாமல், அதைத் தூண்டிய நோயாலேயே வருகிறது. சாவகச்சேரி விவசாயியின் புண் ஆறியதும் மீதமிருக்கும் கேள்வி, அவருடைய முடியுரு நாடிகளில் பழைய சுருக்கம் உண்டா என்பது. 67 வயதில் அதற்கான வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது. குருதிப் பெருக்கு நின்று சில வாரங்கள் கழித்து கிளினிக்கில் அதைப் பரிசோதித்து, அஸ்பிரின் வேண்டுமா என்பதை அந்த முடிவையும் புண்ணின் நிலையையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிப்பார்கள்.