நெருக்கடி நிலைக்குப் போட்ட பூட்டுகள்: இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா

1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டபோது மத்திய அமைச்சரவைக்கு விஷயமே தெரியாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அமைச்சர்களைக் கூட்டி, முடிந்துபோன காரியத்துக்கு ஒப்புதல் வாங்கினார் இந்திரா காந்தி. அந்த 21 மாதங்கள் மறுபடி வரக்கூடாது என்றுதான் ஜனதா ஆட்சி 1978-ல் 44-வது திருத்தத்தைக் கொண்டுவந்து நெருக்கடி நிலைக்கு இடம் தரும் 352-வது பிரிவுக்குப் பூட்டுகள் போட்டது. இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே வேலைக்கு வேறு பூட்டுகள் இருக்கின்றன. மூன்றையும் அருகருகே வைத்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: நிஜமாகவே நடந்த ஒரு நெருக்கடி நிலையில் இந்தப் பூட்டு எதைத் தடுத்திருக்கும்?

இந்தியா: மூன்றில் இரண்டு பங்கு போதுமா?

44-வது திருத்தத்தைப் பாராட்டுபவர்கள் வழக்கமாக மூன்றைச் சொல்வார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற தளர்வான காரணம் போய் 'ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய முடியும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு என்ற சிறப்புப் பெரும்பான்மையில் ஏற்க வேண்டும்; பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பெரும்பான்மையில் புதுப்பிக்க வேண்டும்.

இந்த மூன்றையும் 1975-க்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். முதலாவது கொஞ்சம் உதவியிருக்கும்; ஜெயப்பிரகாஷ் நாராயண் கூட்டிய பொதுக்கூட்டங்களை ஆயுதக் கிளர்ச்சி என்று காட்டுவது எளிதல்ல. இரண்டாவது சில மணி நேரம் தாமதப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான். காலையில் கூடிய அமைச்சரவையில் யாரும் எதிர்க்கவில்லை. இரவே கூப்பிட்டிருந்தாலும் எதிர்த்திருப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவதுதான் பெரிதாகப் பேசப்படும் பூட்டு. 1971 தேர்தலில் காங்கிரஸ் 518 இடங்களில் 352-ஐப் பிடித்திருந்தது. அதுவே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். இதற்கு ஊகம்கூடத் தேவையில்லை. பிரகடனத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்ற 38-வது திருத்தம் அந்த மாதங்களில்தான் நிறைவேறியது. அரசியலமைப்பைத் திருத்தத் தேவைப்படும் அதே சிறப்புப் பெரும்பான்மையைத்தான் இன்று நெருக்கடி நிலைக்கும் கேட்கிறோம். அது அன்றைக்கு அரசின் கையில் தாராளமாக இருந்தது.

அப்படியானால் 44-வது திருத்தத்தில் நிஜமாக வேலை செய்யக்கூடியது எது? பலரும் கடைசியில் சொல்லும் ஒரு வரி: 20, 21 ஆகிய இரு பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 21 என்பது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமை. 1975-ல் அதை நீதிமன்றத்தில் கோரும் வழியை 359-வது பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டு அடைத்தார்கள். அப்படியும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மிசா கைதிகளின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றே சொன்னன. 1976 ஏப்ரல் 28-ல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றையெல்லாம் புரட்டிப் போட்டது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா. அடுத்த ஆண்டு, பணிமூப்பில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வேறொருவருக்குப் போனது.

அந்தத் தீர்ப்பு என்ன செய்தது என்று பார்க்கக் கேரளத்துக்குப் போகலாம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துப் போனது. தந்தை ஈச்சர வாரியர் அதிகாரி, அமைச்சர் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். மகன் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகு, 1977 மார்ச்சில்தான் அவரால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்று முதலில் மறுத்த அரசு, பிறகு காவலில் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது. முதல்வர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஒரு வருடம் முன்னால் அதே மனுவை எடுத்துக்கொள்ள ஒரு நீதிமன்றம் இருந்திருந்தால், 'மகன் எங்கே' என்ற கேள்விக்காவது போலீஸ் பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். எத்தனை எம்.பி.க்கள் கை தூக்கினார்கள் என்ற கணக்கு அந்தத் தந்தைக்கு எந்த வகையிலும் உதவாது.

இலங்கை: மாதாமாதம் ஒரு வாக்கெடுப்பு

இலங்கையின் பூட்டு கடிகாரத்தை நம்புவது. 1947-ன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யலாம். 14 நாளில் நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் அது காலாவதி. ஏற்றாலும் ஆயுள் ஒரு மாதம்தான். இந்தியாவின் ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால் காகிதத்தில் இது எவ்வளவோ கறார்.

நடந்தது வேறு. 1983 முதல் 2011 வரை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, நாடு அவசரகாலத்திலேயே இருந்தது. மாதம் ஒருமுறை விவாதம், வாக்கெடுப்பு, இன்னொரு மாதம். கேட்டுக்கேட்டுக் காது பழகிப்போகிற அளவுக்கு அது ஒரு சடங்காகிவிட்டது. அந்த விதிமுறைகளின் கீழ் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். அவர்கள் வாக்களித்து அனுப்பிய தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களோ, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று 1983-ல் ஆறாம் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்துத் தங்கள் இடங்களை இழந்திருந்தார்கள். மாதாந்த வாக்கெடுப்பில் யாருடைய குரல் கேட்டிருக்க வேண்டுமோ அவர்களே அவையில் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 1978 அரசியலமைப்பில் கூடுதலாக ஒரு தடை இருந்தது: அவசரகாலம் 90 நாளைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1986-ல் பத்தாம் திருத்தம் அதை அப்படியே நீக்கியது. நீக்கியது 1977-ல் தேர்வான நாடாளுமன்றம். தேர்தல் இல்லாமல், 1982 பொதுசன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை நீட்டிக்கொண்ட நாடாளுமன்றம். 1989 தேர்தலில் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 225-ல் 125 இடங்கள். 150 தேவைப்பட்டிருக்கும். தடை கடிக்கத் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் தடையே இல்லை.

கடிகாரம் ஒருமுறை நன்றாக வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 1 அன்று கோட்டாபய ராஜபக்ச அவசரகாலத்தை அறிவித்தார். சில நாட்களில் அவருடைய கூட்டணியிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். வாக்கெடுப்புக்குப் போனால் தோல்வி என்ற நிலையில் ஏப்ரல் 5 இரவு அவரே பிரகடனத்தை விலக்கிக்கொண்டார். ஆக, அரசு பெரும்பான்மையை இழக்கும்போது மட்டும் இந்தப் பூட்டு விழுகிறது. தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோதும் இதுதான். 300 பேர் அவையில் 190 பேர் வேலி ஏறிக் குதித்தும் ராணுவத்தைத் தாண்டியும் உள்ளே வந்து, ஒருவர்கூட எதிர்க்காமல், சில மணி நேரத்துக்குள் அதை ரத்துசெய்யச் சொன்னார்கள். வீரமான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அவை ஏற்கெனவே எதிர்க்கட்சியின் கையில் இருந்தது.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, பிரகடனத்தை எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்றே இலங்கையின் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக ரணில் விக்கிரமசிங்க செய்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது 2025 ஜூலையில். நல்ல தீர்ப்பு. ஆனால் மூன்று வருடம் கழித்து வந்தது.

தென்னாப்பிரிக்கா: கைதியிலிருந்து தொடங்கியவர்கள்

1985-லும் 1986-லும் நிறவெறி அரசு அறிவித்த அவசரகாலங்களில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டார்கள். 1996 அரசியலமைப்பை எழுதியவர்களில் பலர் அந்தச் சிறைகளை நேரில் அறிந்தவர்கள். 37-வது பிரிவைப் படித்தால் அது தெரியும்.

எண்ணிக்கைப் பூட்டு அதிலும் உண்டு: முதல் 21 நாள், பிறகு நீட்டிப்பு, இரண்டாவது நீட்டிப்பிலிருந்து 60 சதவீத ஆதரவு. இதை நான் பெரிதாக எடுக்கவில்லை; 1994 முதல் 2019 வரை ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் 60 சதவீதத்துக்கு மேல் இடங்கள் இருந்தன.

மற்றது வேறு ரகம். பிரகடனம் செல்லுமா என்று நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்று பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. விசாரணையில்லாமல் ஒருவரை அடைத்தால் குடும்பத்தில் ஒருவருக்கோ நண்பருக்கோ கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். ஐந்து நாளுக்குள் அவர் பெயரும் அவர் அடைக்கப்பட்ட இடமும் அரசிதழில் வர வேண்டும். அவர் விரும்பும் மருத்துவரும் வழக்கறிஞரும் வந்து பார்க்கலாம். பத்து நாளுக்குள் நீதிமன்றம் அந்தக் காவலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அப்புறம், சட்டவிரோதமாக நடந்த அதிகாரிக்கு மன்னிப்புச் சட்டம் போட்டுக் காப்பாற்றவும் வழியில்லை. ஈச்சர வாரியர் ஒவ்வொரு வாசலிலும் கேட்டது இதில் முதல் இரண்டைத்தான்.

குறையும் உண்டு. இவ்வளவு கறாரான பிரிவை இதுவரை எந்த அரசும் தொட்டதில்லை. 2020-ல் கோவிட் வந்தபோது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழியாகப் போனார்கள். அதில் நாடாளுமன்ற வாக்கெடுப்பே கிடையாது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு அமைச்சர் மாதாமாதம் நீட்டிக்கொண்டே போகலாம். 2022 ஏப்ரல் வரை அப்படித்தான் போனது. ஆனால் அந்தப் பக்கவாசலில் உரிமைகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை, நீதிமன்றமும் திறந்தே இருந்தது. இலங்கையின் பக்கவாசல் அப்படியல்ல. 2011-ல் அவசரகாலம் முடிந்தபோதும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்ததால் காவலில் இருந்தவர்களுக்குப் பெரிய விடிவு கிடைக்கவில்லை.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தென்னாப்பிரிக்காவின் பக்கம். அதோடு இந்தியாவிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்ப்பேன்: மக்களவையின் பத்தில் ஒரு பங்கு, அதாவது இன்றைக்கு 55 உறுப்பினர்கள், எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும், அங்கே சாதாரணப் பெரும்பான்மையிலேயே நெருக்கடி நிலையை முடிக்கலாம். அரசு தோற்காமல் போகலாம். ஆனால் அவையைக் கூட்டாமலே காலம் கடத்த முடியாது.

இந்தியாவின் பக்கவாசல் 22-வது பிரிவில் இருக்கிறது. நெருக்கடி நிலை எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே, ஆலோசனைக் குழு பார்ப்பதற்கு முன் ஒருவரை மூன்று மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்க அது இடம் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலையிலேயே பத்து நாள்தான். 44-வது திருத்தம் இதையும் இரண்டு மாதமாகக் குறைத்து, உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. ஆனால் அந்த ஒரு பகுதியை எப்போது நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதை அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. 1978-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பகுதிக்கு, அதன் பிறகு வந்த எந்தக் கட்சி அரசும் அறிவிக்கை வெளியிடவில்லை.