"பிளாக் ஆன மார்ஜின்தான் அதிகபட்ச நஷ்டம்" என்று யாராவது சொன்னால்

காரைக்குடியில் ஆப்ஷன் கணக்குகளை 'ஹேண்டில்' செய்து தருகிறேன் என்று ஒருவர் இருக்கிறார். லாபத்தில் 30 சதவீதம் அவருக்கு, நஷ்டத்தில் பங்கு கிடையாது. என் அயித்தானின் ஓய்வூதியப் பணத்தில் விளையாடியதும் இவர்தான். கேட்கப் போனபோது சிரித்துக்கொண்டே, "அண்ணே, எக்ஸ்சேஞ்சே கணக்குப் போட்டுத்தான் மார்ஜின் பிடிக்குது. அதுக்கு மேல ஒரு பைசா போகாது" என்றார். மார்ஜின் என்பது ஆப்ஷன் விற்பவரின் கணக்கில் ஈடாகப் பிடித்து வைக்கும் பணம். ஐந்தொகை எழுதிப் பழகிய ஊரில் வந்து இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நடந்தது இதுதான். நிஃப்டி 25,000 அருகே இருந்தது, ஒரு லாட்டுக்கு 75 யூனிட் என்றிருந்த நேரம். புட் என்பது சந்தை இறங்கினால் விலை ஏறும் ஆப்ஷன்; அப்போது அதை விற்றவருக்கு நஷ்டம். 24,500 புட்டை 100 ரூபாய்க்கு நாலு லாட் விற்று, பாதுகாப்புக்கு 24,000 புட்டை 40 ரூபாய்க்கு நாலு லாட் வாங்கினார். கணக்கில் இருந்தது மூன்றரை லட்சம். மார்ஜின் சுமார் மூன்று லட்சம் பிடித்தது.

அந்த மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது? எக்ஸ்சேஞ்சில் ஸ்பான் என்ற முறை ஓடுகிறது. 1988-ல் சிகாகோவில் உருவானது. நம் கணக்கிலுள்ள நிஃப்டி ஆப்ஷன்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, நாளைக்கு இப்படி ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று 16 விதமாகப் போட்டுப் பார்க்கும். விலை அசையாமல் இருந்தால், குறிப்பிட்ட வீச்சில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, முழுவீச்சு என ஏறினால், அதேபோல் இறங்கினால் என்று ஏழு நிலை. ஒவ்வொன்றிலும் வாலட்டிலிட்டி, அதாவது விலை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பு, கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று. இது 14. இன்னும் இரண்டு பற்றிப் பிறகு சொல்கிறேன். பதினாறில் எது மோசமோ அதுதான் ஸ்பான் மார்ஜின்.

வீச்சு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இறங்கினால் நிஃப்டி 22,500. விற்ற புட்டின் மதிப்பு சுமார் 2,000, வாங்கியதற்குச் சுமார் 1,500. இடைவெளி 500 புள்ளி, லாட்டுக்கு 37,500 ரூபாய். அதோடு எக்ஸ்போஷர் மார்ஜின் என்று ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம், அதுவும் இங்கே 37,500. நாலு லாட்டுக்கு மூன்று லட்சம். சரி, இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இரண்டு நாளில் சந்தை 300 புள்ளி இறங்கியது. 24,000 புட் 85 ரூபாய் ஆனது. உடனே இந்த ஆள் அதை மட்டும் விற்றார். 13,500 ரூபாய் லாபம் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, அன்றே தன் பங்காக 4,050 ரூபாயை வாங்கிக்கொண்டார். விற்ற 24,500 புட் அப்போதே 190-ல் நஷ்டத்தில் நின்றது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஸ்பான் இப்போது அதே கேள்வியைத் துணையில்லாத புட்டிடம் கேட்கிறது. 24,700-லிருந்து 10 சதவீதம் இறங்கினால் 22,230. நஷ்டத்தைத் தாங்க எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. லாட்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல், நாலு லாட்டுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு விற்பனை ஆர்டரில் மூன்று லட்சம் இப்படி ஆகிறது. கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் புரோக்கரின் ரிஸ்க் டீம் மதியம் 260 ரூபாயில் புட்டை வாங்கி முடித்தது. 100-க்கு விற்றது 260-ல் முடிந்தால் 48,000 நஷ்டம். மார்ஜின் பற்றாக்குறை அபராதம் தனி. "சந்தை அப்படி, அண்ணே" என்றார். வரிசையை மாற்றி, விற்றதை முதலில் முடித்திருந்தால் இந்தப் பற்றாக்குறையே வந்திருக்காது.

அப்புறம் அந்த 'ஒரு பைசா போகாது' விஷயம். நான் விட்டுவைத்த இரண்டு நிலைகள், விலை முழுவீச்சைப் போல இருமடங்கு ஏறுவது, இறங்குவது. வெகுதூர ஆப்ஷனை விற்றவர்களைப் பிடிக்கத்தான் இவை. ஆனால் அந்த நஷ்டத்தில் 35 சதவீதம் மட்டுமே கணக்கில் வரும். 22,500 புட்டை விற்றிருக்கிறீர்கள், நிஃப்டி 20,000-க்கு வந்தால் என்று பாருங்கள்: நஷ்டம் 2,500 புள்ளி, ஸ்பான் எடுப்பது 875. மீதி 1,625 புள்ளிக்கு ஸ்பான் எதுவும் பிடிப்பதில்லை. 'தூரத்துப் புட், ரிஸ்க் ஜீரோ' என்று இதே ஆள் இன்னும் இரண்டு வீட்டில் விற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, ஸ்பான் கணக்கு காலையில் போட்டதோடு நிற்பதில்லை, வர்த்தக நேரத்திலும் பலமுறை புதுப்பிக்கிறார்கள். நிஃப்டி பெரிதாக அசையாவிட்டாலும் வாலட்டிலிட்டி எகிறினால் மார்ஜின் ஏறும்.

இவரிடம் கணக்கு கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே புரோக்கர் ஆப்பில் பொசிஷன்களைத் திறந்து, விற்ற ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். நாங்கள் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் போட்டிருக்கிறோம்.