ஆளில்லாப் பெயருக்குப் போகும் சம்பளத்தையும் பொய் ஓவர்டைமையும் பிடிக்க எது உதவும்: கைரேகைக் கருவியா, நேரில் ஆள் எண்ணுவதா, ஏடுகளை ஒத்துப்பார்ப்பதா?

எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் 46 பேர். ஒரு மாதம் சம்பளம் போனதோ 47 பெயர்களுக்கு. அதை நான் கண்டுபிடித்தபோது வாசலில் கைரேகைக் கருவி மாட்டி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

கருவியைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் வருகை பதிவதை அது நிறுத்திவிடும். ஆனால் விரல் பதிய மறந்தவருக்காக, நேரத்தைக் கையால் சேர்க்கும் வசதியும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த கேள்வி. எங்களிடம் அது சம்பளப் பட்டியல் போடும் எழுத்தரிடமே இருந்தது. திருத்தப் பதிவுகளை அச்செடுத்துப் பார்த்தேன்: ஒரே மாதத்தில் 63 திருத்தங்கள், அதில் 41 மாலையில் வெளியேறிய நேரம். நிஜ விரல் 7.58 என்றும் 8.04 என்றும் பதியும். கையால் சேர்த்தவை அத்தனையும் சரியாக 8.00.

நேரில் ஆள் எண்ணுவது செலவில்லாத வழி. ஆளில்லாப் பெயரைப் பிடிக்க இதைவிட நேரடியான வழி இல்லை. எழுத்தர் தரும் பட்டியலை வைத்து எண்ணாதீர்கள். வங்கியிலிருந்து நீங்களே எடுத்த பட்டுவாடாப் பட்டியலோடு, முன்னறிவிப்பில்லாமல் போய், சம்பளச் சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். இரவு ஷிப்டையும் அதே நாளில் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் “அவர் இரவு ஷிப்ட் ஐயா” என்ற பதிலுக்கு இடம் கொடுத்தவர் ஆவீர்கள். எங்களிடம் மிஞ்சிய சீட்டு, இரண்டு மாதம் முன்பே நின்றுவிட்ட ஓர் உதவியாளருடையது. புதிதாக ஆளைக் கற்பனை செய்வதைவிட, போனவர் பெயரை நீக்காமல் விடுவது எளிது அல்லவா? அவர் நின்ற மறு வாரமே அவருடைய வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்டிருந்தது.

செய்யாத ஓவர்டைமைப் பிடிக்க இந்த எண்ணிக்கை உதவாது. அதனால்தான் நான் இப்போது மாதந்தோறும் நம்புவது மூன்றாவது வழியை: சம்பளம் போடுபவர் கை படாத ஏடுகளோடு ஒத்துப்பார்ப்பது.

முதலில் கணக்கு எண்கள். ஒரே எண் இரு பெயர்களுக்கு இருக்கிறதா என்று எக்செலில் பார்க்கலாம். பலரும் COUNTIF போடுவார்கள். எண் 15 இலக்கத்துக்கு மேல் நீண்டால் அது முதல் 15 இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டு, வேறு வேறு எண்களையும் ஒன்று என்று சொல்லிவிடும். நானும் ஒரு முறை அப்படி வீணாகக் கலங்கினேன். எண்களை உரை வடிவில் வைத்து இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(--($D$2:$D$60=D2))
```

விடை 1-க்கு மேல் வந்தால் உடனே குற்றம் சாட்டிவிட வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே கணக்கு வைத்திருக்கலாம்.

அடுத்தது ஓவர்டைமின் உச்சவரம்பு. மாலை 6 முதல் 8 வரை எங்களிடம் ஓடுபவை 6 இயந்திரங்கள். இயந்திரத்துக்கு ஒருவர், உதவிக்கு இருவர், சரக்கு ஏற்ற இருவர்: மொத்தம் 10 பேர், 20 மணி நேரம். பட்டியலில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு 13 பேர், 26 மணி நேரம். அந்த மூவர் எங்கே நின்று வேலை செய்தார்கள்? உற்பத்திக் குறிப்பேட்டைப் பார்த்தால் அன்று 4 இயந்திரங்கள்தான் ஓடியிருக்கின்றன. காவலாளியின் வாயில் ஏட்டில் மூவரில் இருவர் 6.10-க்கே வெளியேறியிருக்கிறார்கள். பழுதால் இயந்திரம் நின்ற நாட்களை முதலில் எடுத்துப் பாருங்கள். அன்றும் வழக்கமான ஓவர்டைம் ஏறியிருந்தால் தேடல் அங்கேயே தொடங்கலாம்.

மாதத்துக்கு மூன்று நாட்களை நானே தேர்ந்து பார்க்கிறேன், அரை நாள் வேலை. காவலாளியும் மேற்பார்வையாளரும் எழுத்தரோடு சேர்ந்துகொண்டால் இதுவும் தோற்கும். அதற்காக இரவு மின்மீட்டர் அளவை நான் தனியாகக் குறித்து வைக்கிறேன். தையல், பொட்டலம் கட்டுதல் போலக் கைவேலை மிகுந்த இடத்தில் மீட்டர் பெரிதாக எதையும் சொல்லாது. அங்கே முடிந்த எண்ணிக்கையை ஆள் நேரத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். அதைச் செய்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. முகம் பார்த்துப் பதியும் கருவியும் அப்படித்தான், நண்பர் ஒருவரிடம் பார்த்ததோடு சரி. அதிலும் திருத்தும் வசதி யார் கையில் என்றுதான் முதலில் கேட்டேன். அவர் எழுத்தரைக் கூப்பிட்டார்.